பழைய போர்டு எழுத்துக்கு ஃபாண்ட் தேடுறீங்களா? முதல்ல ‘ப’வை அளங்க!

[திரையில்: பழைய பெயர்ப்பலகையின் படம், ‘புகைப்பட நிலையம்’]

இந்தப் பலகையில ஒரு சொல்லை மட்டும் மாத்தணும், பார்க்கிறவங்களுக்கு வித்தியாசமே தெரியக்கூடாது. ஃபாண்ட் பட்டியலை மேலும் கீழும் தள்ளிக் கண்ணாலயே தேடாதீங்க. முதல்ல ஒரே ஒரு எழுத்தை அளங்க.

அதுக்கு முன்னாடி படத்தை நேராக்கிடுங்க. கீழே நின்னு எடுத்த படத்துல மேல்பகுதி குறுகியிருக்கும், அளவு தப்பா வரும்.

[திரையில்: ‘ப’ பெரிதாகிறது]

ஏன் ‘ப’? சுழி கிடையாது. ரெண்டு நேர்க்கோடு, கீழே ஒரு படுக்கைக்கோடு, அவ்வளவுதான். இதுல உயரம் 100 பிக்சல், நேர்க்கோட்டுத் தடிமன் 20, படுக்கைக்கோடு 18. கிட்டத்தட்ட ஒரே தடிமன், அதுவும் நல்ல தடிமன். எழுத்தைச் சுத்தி வெள்ளைக் கரை தெரியுதா? அதைச் சேர்க்காம உள்ளே இருக்கிற நிறத்தை மட்டும் அளக்கணும். கரையையும் சேர்த்தா 26 வரும், தேவையில்லாம ஒரு படி தடிச்ச ஃபாண்டை எடுத்துடுவீங்க.

அடுத்து முனைகளைப் பாருங்க. உருண்டையா இருந்தா Baloo Thambi 2 பக்கம் போயிருப்பேன். இதுல பட்டையா வெட்டின மாதிரி இருக்கு, அதனால Anek Tamil.

[திரையில்: பலகைமேல் ஃபாண்ட் எழுத்து, பாதி ஒளிபுகும்படி]

இப்பதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம். ஃபாண்ட் ‘ப’வோட உயரத்தையும் 100 ஆக்கி மேலே வைக்கிறேன். தடிமன் சரி, ஆனா அகலம் அதிகம்! எழுதினவர் பலகைக்குள்ள அடங்கணும்னு எழுத்தை ஒடுக்கியிருக்கார். நாம உடனே பக்கவாட்டுல பிடிச்சு 75 சதவீதமா நசுக்குவோம். என்ன ஆகுது பாருங்க: 20 இருந்த நேர்க்கோடு 15 ஆகுது, படுக்கைக்கோடு 18 அப்படியே நிக்குது. கால் மெலிஞ்சு அடி தடிச்ச எழுத்து! ஓவியர் தூரிகையால ஒடுக்கினப்போ கோடு மெலியல, நடுவுல இருக்கிற வெற்றிடம்தான் குறைஞ்சுது. Anek Tamil-ல அகலத்துக்குன்னே `wdth`னு நகர்த்திச் சரிபண்ற ஒரு அச்சு இருக்கு, 75-லிருந்து 125 வரை. அதைக் குறைச்சு அகலத்தைச் சரிபண்ணுங்க. அப்புறம் தடிமனுக்கான `wght`-ஐ நகர்த்தி, நேர்க்கோடு மறுபடி 20-க்கு வந்ததும் நிறுத்துங்க. நசுக்கின எழுத்தையும் இந்த எழுத்தையும் அடுத்தடுத்து வச்சுப் பாருங்க, எது பலகையோட ஒட்டுதுன்னு கமென்ட்ல சொல்லுங்க.

[திரையில்: ‘நிலையம்’, தும்பிக்கை ‘லை’]

இந்த ‘லை’ 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய வடிவம். அதுக்கப்புறமும் பலர் இப்படியே எழுதினாங்க, அதனால இதை வச்சு மட்டும் பலகையோட வயசைச் சொல்ல முடியாது. இன்னைக்கு நாம வழக்கமா பயன்படுத்துற ஃபாண்ட்ல தட்டினா புது ‘லை’தான் வரும். ‘ல’வை மட்டும் தட்டி, வடிவக்கோடா, அதாவது அவுட்லைனா மாத்தி, பலகையைப் பார்த்துத் தும்பிக்கையை நீங்களே வரையுங்க. அந்த வளைவோட தடிமனும் 20-தான்.