பிப்ரவரி 28-இன் காலையா, மார்ச் 1-இன் காலையா?

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஒரு மருத்துவமனை வார்டை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த கட்டில்களில் மூன்று தாய்மார்கள். 2008-ஆம் ஆண்டு பிப்ரவரி 28, வியாழக்கிழமை ஒரு குழந்தை பிறக்கிறது. மறுநாள் வெள்ளிக்கிழமை, 29-ஆம் தேதி, நடுக்கட்டிலில் ஒரு பெண் குழந்தை. அதற்கும் மறுநாள் சனிக்கிழமை, மார்ச் 1, மூன்றாவது குழந்தை. இந்த மூவரையும் மறக்க வேண்டாம். இன்றைய பேச்சு முழுவதும் இவர்களைச் சுற்றித்தான்.

2026-இல் மூவருக்கும் 18 வயது நிரம்புகிறது. முதல் பிள்ளைக்கு பிப்ரவரி 28. மூன்றாவது பிள்ளைக்கு மார்ச் 1. இரண்டிலும் சந்தேகமில்லை. நடுவில் பிறந்த பெண்ணுக்கு எந்த நாள்? அந்த ஆண்டு பிப்ரவரியில் 29-ஆம் தேதியே கிடையாதே.

நான்கு வருடத்துக்கு ஒருமுறை பிறந்தநாள் வந்துவிடுகிறதே, அதற்குள் இது பெரிய சிக்கலா என்று சிலர் கேட்பார்கள். 18-ஐ நான்கால் வகுத்துப் பாருங்கள், மீதி 2 வரும். 21-ஐ வகுத்தால் மீதி 1. 25-ஐ வகுத்தாலும் மீதி 1. அதனால் பிப்ரவரி 29-இல் பிறந்த ஒருவருக்கு 18 வயது நிரம்பும் ஆண்டு லீப் ஆண்டாக இருக்கவே முடியாது. ஓட்டுரிமை, ஓட்டுநர் உரிமம், சொந்தக் கையெழுத்தில் ஒப்பந்தம், எல்லாம் வருகிற அந்த வயது, தேதியே இல்லாத ஆண்டில்தான் வந்து நிற்கும். 60-உம் 80-உம் நான்கால் வகுபடும் எண்கள். அதனால் சஷ்டியப்த பூர்த்திக்கும் சதாபிஷேகத்துக்கும் 29-ஆம் தேதி பெரும்பாலும் கிடைத்துவிடும்.

பெரும்பாலும் என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. நூறால் வகுபட்டு நானூறால் வகுபடாத ஆண்டு லீப் ஆண்டு அல்ல. 1900 அப்படிப்பட்ட ஆண்டு. நம் பிரதமராக இருந்த மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29-இல் குஜராத்தில் பிறந்தவர். 1900-இல் அவருக்கு 29-ஆம் தேதி வரவில்லை. பிறந்த பிறகு அவர் கண்ட முதல் பிப்ரவரி 29, எட்டு வயது நிரம்பிய 1904-இல்தான். அதே 1904 பிப்ரவரி 29 அன்று இங்கே மதுரையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவர்தான் பின்னாளில் கலாக்ஷேத்ராவை உருவாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல். 1977-இல் பிரதமராக இருந்த தேசாய், குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்கும்படி கேட்டது இவரைத்தான். ருக்மிணி தேவி அதை ஏற்கவில்லை. நாட்டின் மிக உயர்ந்த பதவி பற்றிப் பேசிக்கொண்ட இருவருமே பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் என்பதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுப்பதில்லை. 1900-இல் தேசாய்க்கு நேர்ந்தது 2096-இல் பிறக்கப்போகும் குழந்தைகளுக்கும் நேரும். 2100 லீப் ஆண்டு அல்ல. அவர்களுக்கு அடுத்த 29-ஆம் தேதி 2104-இல்தான்.

சரி, வார்டுக்குத் திரும்புவோம். 28-ஆ, மார்ச் 1-ஆ என்று கேட்டால், நாட்களை எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றுதான் பலருக்கும் தோன்றும். எண்ணுவோம். முதல் பிள்ளை பிறந்த நாளிலிருந்து 18-ஆம் பிறந்தநாள் வரை 6,575 நாட்கள். மூன்றாவது பிள்ளைக்கு 6,574 நாட்கள். ஒரு நாள் குறைவு. ஏனென்றால் 2008-இன் 29-ஆம் தேதி முதல் பிள்ளையின் கணக்கில் உண்டு, மூன்றாவது பிள்ளையின் கணக்கில் இல்லை. நடுவில் பிறந்த பெண்ணுக்கு 28-ஐ எடுத்தால் 6,574. மார்ச் 1-ஐ எடுத்தால் 6,575. பாருங்கள், எந்த நாளை எடுத்தாலும் பக்கத்துக் கட்டில் பிள்ளை ஒன்றின் எண்ணிக்கையோடு அது பொருந்திவிடுகிறது. நாட்களை எண்ணி இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. இதைத் திரும்பவும் சொல்கிறேன், இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள்: எண்ணிக்கை இரண்டு பக்கமும் சாட்சி சொல்கிறது.

அப்படியானால் எதைக் கேட்க வேண்டும்? பிப்ரவரி 29 என்பது என்ன நாள் என்று கேட்க வேண்டும். அது பிப்ரவரி மாதத்தின் கடைசி நாளா, இல்லை 28-க்கு மறுநாளா? லீப் ஆண்டில் இரண்டும் ஒன்றே. சாதாரண ஆண்டில் இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மாதத்தின் கடைசி நாள் என்றால் விடை பிப்ரவரி 28. இருபத்தெட்டுக்கு மறுநாள் என்றால் விடை மார்ச் 1. உலகத்தில் இது பற்றிச் சட்டம் எழுதிய நாடுகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஹாங்காங் சட்டம் லீப் அல்லாத ஆண்டில் மார்ச் 1 என்று வெளிப்படையாகவே எழுதிவிட்டது. தைவானின் சிவில் சட்டமோ, முடிய வேண்டிய மாதத்தில் அந்தத் தேதி இல்லையென்றால் மாதத்தின் கடைசி நாளோடு காலம் முடிகிறது என்கிறது. அங்கே விடை 28.

நம் நாட்டில் என்ன? இதில் ஒரு பழைய செய்தி இருக்கிறது, கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். 1875-ஆம் ஆண்டின் இந்திய வயதுவந்தோர் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. அந்தக் காலச் சட்டங்களில் விதியை எழுதி, கீழே ‘உதாரணம்’ என்று ஒரு கற்பனை வழக்கையும் கொடுப்பார்கள். இந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவில் Z என்று ஒருவர். அவர் 1852 பிப்ரவரி 29-இல் பிறந்தவர். அவருடைய சொத்துக்கு நீதிமன்றம் ஒரு காப்பாளரை நியமித்திருக்கிறது. அப்படி நியமித்திருந்தால் அன்றைய விதிப்படி 18 அல்ல, 21 வயதில்தான் மேஜர். 21 என்பது 1873, லீப் ஆண்டு அல்ல. சட்டம் சொன்ன விடை: 1873 பிப்ரவரி 28-ஆம் தேதியின் முதல் கணத்தில் Z வயதுவந்தவர் ஆகிறார். அதாவது 27-ஆம் தேதி நள்ளிரவு தாண்டியவுடன். சட்டம் எழுதியவர்களுக்கு இந்தக் கேள்வி தோன்றியிருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்காமல், மாதத்தின் கடைசி நாள் என்ற பக்கம் நின்று விடை எழுதிவிட்டார்கள்.

1999-இல் சட்டம் திருத்தப்பட்டது. காப்பாளர் இருந்தால் 21 என்ற விதி போய், எல்லோருக்கும் 18 ஆனது. அது நல்ல திருத்தம். ஆனால் அதோடு பழைய நான்காம் பிரிவும் அதன் உதாரணங்களும் போயின. இப்போது மூன்றாம் பிரிவில் உள்ள வாசகத்தின் சாரம் இவ்வளவுதான்: பிறந்த நாளை ஒரு முழு நாளாகக் கணக்கில் சேர்க்க வேண்டும், அந்த நாளின் பதினெட்டாம் ஆண்டு நிறைவு தொடங்கும்போது ஒருவர் வயதுவந்தவர் ஆகிறார். 29-ஆம் தேதியின் ஆண்டு நிறைவு எது என்று அதில் ஒரு வார்த்தை இல்லை. Z-ஐ அப்படியே விட்டுவைத்திருக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு வரி உதாரணம்தான். அது இருந்தவரை சந்தேகத்துக்கு இடமே இல்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. 1986-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ராஜஸ்தான் அரசுப் பணிக்கு விண்ணப்பித்தவர் 1956 ஜனவரி 2-இல் பிறந்தவர். 1984 ஜனவரி 1 அன்று 28 வயதை எட்டியிருக்கக் கூடாது என்பது விதி. பிறந்தநாளே 2-ஆம் தேதிதானே, ஒரு நாள் பாக்கி இருக்கிறதே என்பது அவர் வாதம். நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறந்த நாளை முழு நாளாகச் சேர்த்து எண்ணினால் 28 ஆண்டுகள் ஜனவரி 1 நள்ளிரவோடு நிறைந்துவிடுகின்றன என்றது. பிறந்தநாளுக்கு முந்தைய நாளே வயது நிறைவு என்ற இந்தக் கணக்கு ஜப்பானில் 1902-இலிருந்தே சட்டம். அதனால் அங்கே பிப்ரவரி 29-இல் பிறந்தவருக்குத் தகராறே இல்லை. லீப் ஆண்டானாலும் சாதாரண ஆண்டானாலும், எப்போதும் 28-ஆம் தேதி முடியும்போது வயது கூடுகிறது.

ஆக, நம் நடுக்கட்டில் பெண்ணுக்கு மூன்று கணங்கள் நிற்கின்றன. 2026 பிப்ரவரி 28, சனிக்கிழமையின் தொடக்கம். அதே சனிக்கிழமையின் முடிவு. மார்ச் 1, ஞாயிற்றுக்கிழமையின் தொடக்கம். பின்னவை இரண்டும் கடிகாரத்தில் ஒரே கணம்தான். ஆனால் எந்தத் தேதியின் கீழ் எழுதுகிறோம் என்பதில் வேறு. படிவத்தில் தேதிதானே கேட்கிறார்கள்.

நடைமுறையில் என்ன செய்வது? இதைக் குறித்துக்கொள்ளுங்கள். குறைந்தபட்ச வயது கேட்கும் எந்தக் காரியத்தையும் மார்ச் 1 அல்லது அதற்குப் பிறகு செய்யுங்கள். நம் நாட்டில் 18 நிரம்பாதவர் போட்ட ஒப்பந்தம் செல்லாது, 1903-இல் பிரிவி கவுன்சில் தீர்த்துவைத்த விஷயம் அது. 28-ஆம் தேதி கையெழுத்துப் போட்டால், பின்னால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க ஒரு கேள்வி கிடைத்துவிடும். ஒரு நாள் பொறுத்தால் அந்தக் கேள்வியே இல்லை. அதிகபட்ச வயது வரம்பு என்றால் இதற்கு நேர்மாறு: 28-ஆம் தேதி தொடங்கும்போதே வயது கூடிவிட்டது என்று வைத்துக்கொண்டு விண்ணப்பியுங்கள். வாக்காளர் பட்டியலில் இந்தக் கவலை வேண்டாம். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தகுதி நாட்கள். 28 ஆனாலும் மார்ச் 1 ஆனாலும் ஏப்ரல் 1-க்குள் வந்துவிடுகிறது.

இதைவிட அதிகம் கெடுதல் செய்வது வேறு ஒன்று. வருடா வருடம் கொண்டாட வசதியாக இருக்கட்டும் என்று சில வீடுகளில் பள்ளியில் சேர்க்கும்போது 28 என்றோ மார்ச் 1 என்றோ கொடுத்துவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் ஒன்று, மதிப்பெண் சான்றிதழில் இன்னொன்று. பாஸ்போர்ட் எடுக்கப் போகும்போதுதான் அது வெளியே வரும். பிறந்த தேதி வேறு, ஆண்டு நிறைவு நாள் வேறு. பிறந்த தேதி எந்த ஆவணத்திலும் 29-ஆகவே இருக்க வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம் போன்றவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே வயதுக்கான ஆதாரம். அதனால் 2024 பிப்ரவரி 29-இல் பிறந்த குழந்தை இருக்கும் வீட்டில், அந்தச் சான்றிதழை எடுத்து ஒருமுறை தேதியைச் சரிபாருங்கள்.

நேரம் நெருங்குகிறது. கணினி பற்றி விரிவாகச் சொல்ல எண்ணியிருந்தேன், ஒன்று மட்டும் சொல்கிறேன். எக்செல்லில் வயதுப் பட்டியல் போடுகிறவர்கள் கவனியுங்கள். DATE கட்டளையில் 2026, 2, 29 என்று கொடுத்தால் அது மார்ச் 1 என்று காட்டும். EDATE கட்டளையில் 2008 பிப்ரவரி 29-உடன் 216 மாதங்களைக் கூட்டினால் பிப்ரவரி 28 வரும். நாம் பேசிய இரண்டு பக்கமும் ஒரே மென்பொருளுக்குள் இருக்கிறது. ஒரே பட்டியலில் இரண்டையும் கலக்காதீர்கள்.

நட்சத்திரப் பிறந்தநாள் பற்றி அரை நிமிடம். பிப்ரவரி 29 எப்போதும் மாசி மாதத்தின் நடுவில் வரும். மாசி 29 நாளுக்குக் குறையாது. சந்திரன் 27 நட்சத்திரங்களையும் சுற்றிவர 27 நாளும் கொஞ்சமும் போதும். அதனால் மாசியில் பிறந்த நட்சத்திரம் ஒவ்வோர் ஆண்டும் மாசியில் வந்தே தீரும். சட்டத்துக்கு ஆங்கில நாட்காட்டிதான் கணக்கு. கோயிலில் அர்ச்சனைக்குப் பெயர் நட்சத்திரம் சொல்லும்போது, நடுக்கட்டில் பெண்ணுக்கும் மற்ற இரண்டு பேரைப் போலவே வருடம் தவறாமல் ஒரு நாள் உண்டு.

நன்றி, வணக்கம்.