ஆடிப்பெருக்குப் பிள்ளையும் ஆகஸ்ட் முதல் தேதியும்

நேயர்களுக்கு வணக்கம். காரைக்குடிப் பக்கத்தில் ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது சாயங்கால வேளைகளில் ஊர் நூலகத்தில் உட்கார்ந்து, போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பித் தருகிறேன். பாடம் சொல்லித் தருகிறீர்களா என்று கேட்பார்கள். இல்லை, வயசுக் கணக்குத்தான் பார்க்கிறேன். சிரிக்காதீர்கள், அதில்தான் பலபேர் வழுக்கி விழுகிறார்கள்.

நம் ஊர்ப் பக்கம் ஒருவரிடம் வயது கேட்டால் என்ன சொல்வார்? "முப்பத்தஞ்சு நடக்குது" என்பார். அப்படியென்றால் முப்பத்து நாலு முடிந்துவிட்டது, முப்பத்தைந்தாவது ஓடிக்கொண்டிருக்கிறது. தேர்வாணையம் கேட்பது நடக்கிற வயதை அல்ல, நிரம்பிய வயதை. இதை மட்டும் பிடித்துக்கொண்டு என்கூட வாருங்கள்.

யூ.பி.எஸ்.சி. நடத்தும் குடிமைப் பணித் தேர்வையே எடுத்துக்கொள்வோம். 2025 அறிவிப்பில், ஆகஸ்ட் முதல் தேதியன்று 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், 32 நிரம்பியிருக்கக் கூடாது என்று போட்டிருந்தார்கள். அதையே பிறந்த தேதியாகவும் சொல்லிவிடுகிறார்கள்: 1993 ஆகஸ்ட் 2-க்கு முன்னால் பிறந்திருக்கக் கூடாது. இது பொதுப் பிரிவுக்கு. ஓ.பி.சி.க்கு மூன்று வருஷம் தளர்வு, எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருஷம். அந்த மூன்று வருஷத்தை எங்கே கூட்டுவது என்பதில்தான் குழப்பமே.

போன வருஷம் ஒரு பெண் வந்தாள். ஓ.பி.சி., பிறந்தது 1991 மார்ச் 15. "சார், எனக்கு வயசு தாண்டிருச்சு" என்று கண் கலங்கி நின்றாள். எப்படித் தாண்டியது, காட்டு என்றேன். 2025 ஆகஸ்ட் 1-ஓடு மூன்றைக் கூட்டி 2028 என்று எழுதியிருந்தாள். அன்றைக்கு அவளுக்கு 37. அதோடு முடிவு கட்டிவிட்டாள். ஏம்மா, வயசைக் கணக்குப் பார்க்கிற கெடுதேதி எங்கேயும் நகராது, அது ஊருக்கெல்லாம் ஒரே தேதி. நகர்வது வரம்பு மட்டும்தான் என்றேன். 32-ஓடு மூன்று, 35. ஆகஸ்ட் முதல் தேதியன்று அவளுக்கு நிரம்பியது 34. தாராளமாக எழுதலாம்.

வரம்பில் கூட்டுவதற்குப் பதிலாகப் பிறந்த தேதியில் கழித்தாலும் சரிதான். 1993 ஆகஸ்ட் 2-இலிருந்து மூன்று போனால் 1990 ஆகஸ்ட் 2. வருஷம் மட்டும் மாறும், நாளும் மாதமும் அப்படியே இருக்கும். ஆனால் இரண்டில் ஒன்றுதான் செய்ய வேண்டும். இங்கே கூட்டி அங்கேயும் கழித்தால் மூன்று ஆறாகிவிடும்! அதே மாதிரி, 21 வயது என்ற கீழ் வரம்புக்குத் தளர்வு கிடையாது. அந்தக் கீழ் வரம்புக்குரிய பிறந்த தேதியிலும் மூன்றைக் கழிப்பவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது நான் சொல்ல வந்த கதைக்கு வருகிறேன். தேவகோட்டைப் பக்கத்துப் பையன் ஒருவன், அவனும் ஓ.பி.சி.தான். "சார், எனக்குச் சரியா முப்பத்தஞ்சு. முப்பத்தஞ்சு வரைக்கும் உண்டுல்ல?" என்று உற்சாகமாக வந்தான். பத்தாம் வகுப்புச் சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். 1990 ஆகஸ்ட் 1. எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. 35 வரைக்கும் என்றால் 35 நிரம்புவதற்கு முந்தின நாள் வரைக்கும் என்று அர்த்தம். அவனுக்கு ஆகஸ்ட் முதல் தேதியன்றே நிரம்பிவிட்டது. ஒரே ஒரு நாளில் போச்சு.

மறுநாள் அவனுடைய அம்மா வந்தார்கள், கையில் மஞ்சள் தடவிய ஜாதக நோட்டோடு. "ஐயா, இவன் ஆடிப்பெருக்கு அன்னிக்குப் பொறந்தவன். சித்திரான்னம் கட்டி எடுத்துக்கிட்டு ஊருணிக்குக் கெளம்புற நேரத்துல எனக்கு வலி கண்டுருச்சு. இதுல பாருங்க, போட்டிருக்கு" என்றார்கள். ஆடி பதினெட்டு என்பது ஆகஸ்ட் 2 அல்லது 3-இல்தான் வரும். அதில் எந்தத் தேதியாக இருந்தாலும் பையன் உள்ளே இருக்கிறான். அந்த அம்மா பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது பள்ளிக்கூடப் பதிவேடு.

அந்தக் காலத்தில் எப்படிச் சேர்த்தோம்? வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வோம். தொட்டுவிட்டால் ஐந்து வயது. தேதி கேட்டால் "ஆடியில பொறந்தான்" என்பார்கள். வாத்தியார் தோதாக ஒரு தேதியைப் போட்டுக்கொள்வார். நானே போட்டிருக்கிறேன், அதை இங்கே ஒத்துக்கொள்கிறேன். ஒரு நாள் முன்னே பின்னே இருந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்த காலம் அது.

யூ.பி.எஸ்.சி. அறிவிப்பில் வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது: ஜாதகம், பிரமாணப் பத்திரம், நகராட்சிப் பிறப்புப் பதிவின் நகல் எதையும் வயதுக்கு ஆதாரமாக ஏற்க மாட்டோம் என்று. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள தேதிதான் தேதி. ஜாதகம் இல்லாமல் எந்த நல்ல காரியமும் நடக்காத நம் ஊரில் இதை ஒரு தாயிடம் சொல்வது எவ்வளவு சங்கடம் என்று நினைத்துப் பாருங்கள். அந்த அம்மா நோட்டை முந்தானையில் சுற்றிக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார்கள்.

ஒரு நாள் விவகாரம் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. 1986-இல் வந்த தீர்ப்பு, பிரபு தயாள் சேஸ்மா வழக்கு, ராஜஸ்தான்காரர். பிறந்தது 1956 ஜனவரி 2. 1984 ஜனவரி முதல் தேதியன்று 28 நிரம்பியிருக்கக் கூடாது என்பது விதி. எனக்கு இரண்டாம் தேதிதானே நிரம்புகிறது என்றார் அவர். பிறந்த நாளையும் முழு நாளாகக் கணக்கில் எடுத்தால், அடுத்த பிறந்தநாளுக்கு முந்தின நாளோடு வயது நிரம்பிவிடுகிறது, ஆகவே முதல் தேதியிலேயே 28 ஆகிவிட்டது என்று சொல்லிவிட்டது நீதிமன்றம். இந்தக் கணக்குப்படி பார்த்தால் ஆகஸ்ட் 2-இல் பிறந்தவருக்கும் சிக்கல் வர வேண்டும். வராததற்குக் காரணம், யூ.பி.எஸ்.சி. தன் அறிவிப்பிலேயே ஆகஸ்ட் 2-ஐச் சேர்த்து அச்சடித்துவிடுவதுதான். அதனால் நீங்கள் விரல் விட்டு வயது எண்ணாதீர்கள். அச்சடித்த அந்தப் பிறந்த தேதியை எடுத்து, உங்கள் தளர்வைக் கழித்து, சான்றிதழ்த் தேதியோடு ஒட்டிப் பாருங்கள்.

இரண்டு தளர்வு உள்ளவர்களைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து கை காட்டுகிறார்கள், சுருக்கிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிக்குப் பத்து வருஷம். அவர் ஓ.பி.சி.யாகவும் இருந்தால் இரண்டும் சேர்ந்து பதின்மூன்று, அதாவது வரம்பு 45. 2025 அறிவிப்புப்படி பிறந்த தேதி 1980 ஆகஸ்ட் 2 அல்லது அதற்குப் பிறகு. பொருளாதாரத்தில் நலிந்தோர் பிரிவுக்கு இட ஒதுக்கீடு உண்டு, வயதுத் தளர்வு கிடையாது. வயது இருந்தாலும் வாய்ப்புக்கு எண்ணிக்கை உண்டு: பொதுப் பிரிவுக்கு ஆறு, ஓ.பி.சி.க்கு ஒன்பது. மாநில அரசின் பி.சி. சான்றிதழை வைத்து மத்தியத் தேர்வில் தளர்வு கேட்க முடியாது, அதற்கு வருமான வரம்போடு கூடிய ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். டி.என்.பி.எஸ்.சி.க்குக் கெடுதேதி ஆகஸ்ட் இல்லை, ஜூலை முதல் தேதி. அங்கே தளர்வைக் கூட்டும் முறையும்... சரி, நேரம் முடிந்துவிட்டது. நூலகத்தில் சாயங்காலம் இருப்பேன், பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு வாருங்கள். வணக்கம்.