சாயங்காலம் கனக்கும் கால்

(ஜவுளிக்கடை ஊழியர்களிடையே ஒரு அறுவைச் சிகிச்சை மருத்துவர் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். முதலில் ஒரு சின்ன வேலை. ஒரு கையைக் கீழே தொங்க விடுங்கள். அரை நிமிடத்தில் புறங்கையில் பச்சை நரம்பு புடைக்கிறதா? அதே கையைத் தலைக்கு மேல் தூக்குங்கள். அமுங்கிவிட்டது இல்லையா? நரம்பு என்று நாம் பழக்கத்தில் சொல்கிறோம். உண்மையில் அது சிரை, அசுத்த ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய். "நரம்பு சுருட்டிக்கிச்சு" என்று வருகிறவர்களுக்குக் கெட்டுப்போயிருப்பது இந்தக் குழாய்தான். நரம்புக்கு மாத்திரை சாப்பிட்டு அது சரியாகாது.

கையைத் தூக்கினால் ரத்தம் தானே வடிந்துவிடும். கணுக்காலில் இருக்கும் ரத்தம் என்ன செய்யும்? நான்கடி மேலே ஏற வேண்டும். அதைத் தள்ளிவிடுவது கெண்டைக்கால் சதை. நடக்கும்போது அந்தச் சதை இறுகி, உள்ளே இருக்கும் ஆழ்சிரையைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் மேலே போகும். சதை தளர்ந்ததும் திரும்பி இறங்க வேண்டியதுதானே? இறங்காது, வழியெல்லாம் வால்வு இருக்கிறது. கிணற்று மோட்டாரில் ஃபுட்வால்வு பார்த்திருப்பீர்கள். அது பழுதானால் மோட்டாரை நிறுத்தியதும் ஏறின தண்ணீர் கிணற்றுக்கே இறங்கிவிடும். அதே கதைதான் இங்கேயும்.

1628-லேயே வில்லியம் ஹார்வி என்ற ஆங்கில மருத்துவர் இதைக் கையில் செய்து காட்டினார். மேல்கையைக் கட்டி, முன்கையில் புடைத்த சிரையின் ஓரிடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டார். இன்னொரு விரலால் ரத்தத்தை மேல்பக்கமாக வழித்து, அடுத்த வால்வைத் தாண்டவிட்டார். அந்தத் துண்டு காலியாகவே கிடந்தது. மேலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை.

நம் கடைகளில் இருப்பவர்கள் மாதிரி ஒரு அம்மாவின் கதையைச் சொல்கிறேன். வயது 42, இரண்டு பிள்ளைகள், புடவைப் பிரிவில் பத்து மணி நேர நிற்பு. அவருடைய அம்மாவுக்கும் இதே தொந்தரவு. காலையில் ஒன்றுமில்லை, ஆறு மணிக்கு மேல் கால் ஈயம் கட்டினாற்போல் கனக்கிறது, வீட்டுக்குப் போய்த் தலையணை மேல் காலைத் தூக்கிவைத்தால்தான் நிம்மதி. படுக்க வைத்துப் பார்த்தால் கால் சாதாரணமாகத்தான் இருந்தது. நிற்கச் சொன்னதும் முழங்காலின் உட்புறம் முறுக்கு முறுக்காகப் புடைத்தது. இதை நிற்கவைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ரத்தம் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று காட்டும் டாப்ளர் ஸ்கேனும் நின்றபடியே. கெண்டைச் சதையைப் பிழிந்தோம், ரத்தம் மேலே போனது. விட்டோம், மூன்று விநாடி கீழே இறங்கிக்கொண்டே இருந்தது. அரை விநாடிக்கு மேல் இறங்கினாலே வால்வு ஒழுகுகிறது என்று கணக்கு. கணுக்காலின் உட்புறம் தொடங்கித் தொடை இடுக்குவரை தோலுக்கடியில் ஒரு நீளமான சிரை ஓடுகிறது. அவருக்கு அதன் மேல் முனை வால்வு மூடவில்லை. சிரையின் சுவர் தளர்ந்து அகன்றால் வால்வின் இரண்டு இதழும் ஒன்றையொன்று தொடாது. அது விட்ட ரத்தத்தின் பாரம் அடுத்த வால்வின் மேல் விழும், அதுவும் அகலும். இப்படியே கீழ்வரை. குழாய் அகலுவதோடு நீளவும் செய்கிறது. நீண்டதற்கு இடமில்லை, அதனால்தான் சுருள்கிறது.

அசையாமல் நின்றால் எல்லோருக்குமே கணுக்கால் சிரையில் அழுத்தம் 90 மி.மீ. பாதரசம் அளவு இருக்கும். நல்ல காலில் நாலடி நடந்தால் 30-க்குக் கீழே வந்துவிடும். வால்வு கெட்ட காலில் அவ்வளவு இறங்காது. அந்த அழுத்தம் நாள் முழுக்க நுண்குழாய்களிலிருந்து நீரைச் சதைக்குள் கசியவிடுகிறது. சாயங்காலக் கனம் அதுதான். வருடக்கணக்கில் விட்டால் கணுக்காலுக்கு மேலே தோல் பழுப்பாகும், அரிக்கும், பிறகு ஆறாத புண்.

அந்த அம்மாவுக்கு லேசரில் அந்தச் சிரையை மூடினோம். "மூடினா ரத்தம் எப்படி டாக்டர் போகும்?" என்றார். நியாயமான கேள்வி. காலின் ரத்தத்தில் பெரும்பங்கு ஆழ்சிரை வழியாகத்தான் போகிறது. இவருக்கு அது நன்றாக இருப்பதை ஸ்கேனில் பார்த்த பிறகுதான் கைவைத்தோம். ஒழுகும் குழாயை அடைத்தால் நஷ்டமில்லை.

அழுத்தக் காலுறையும் உதவும், காலையில் எழுந்ததும் கால் வீங்கும் முன்பே போட்டால். ஆனால் இதயத்திலிருந்து காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால் அது ஆபத்து. சர்க்கரை, புகைப்பழக்கம் உள்ளவர்கள் பரிசோதிக்காமல் போடாதீர்கள். ஒரே கால் மட்டும் திடீரென்று வீங்கி வலித்தால் அது வேறு விஷயம், ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே ஆஸ்பத்திரி.

கடையில் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. ரொம்ப நல்லது. ஆனால் ஸ்டூலில் காலைத் தொங்கப்போட்டு அசையாமல் இருந்தாலும் சதை பிழியாது. நின்றாலும் உட்கார்ந்தாலும் குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். புடவையை விரித்துக் காட்டிக்கொண்டே செய்யலாம், வாடிக்கையாளருக்குத் தெரியாது.