கேனா, மேயா? கீறிட்ட இடத்தில் எதைப் போடுவது?

கேள்வி: “சேர், நான் ஹட்டன் பக்கம் பத்தாம் தரத்தில் படிக்கிறேன். பெட்டிக்குள் கேன், மே, மஸ்ட், ஷுட் என்று கொடுத்து கீறிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால், எல்லாமே எல்லா இடத்துக்கும் பொருந்துகிற மாதிரி இருக்கிறது. ‘இட் டேஷ் ரெயின் திஸ் ஈவினிங்’ என்பதற்கு கேன் போட்டேன். மிஸ் வெட்டிவிட்டார். ஏன் சேர்?”

மிஸ் வெட்டியது சரிதான் தங்கச்சி. அங்கே மே வர வேண்டும், மைட் போட்டாலும் சரி. நீங்கள் கேன் போட்டதற்கும் காரணம் இருக்கிறது. நாம் ‘மழை பெய்யலாம்’ என்கிறோம், ‘உள்ளே வரலாம்’ என்கிறோம், ‘ஜனவரியில் குளிர் கடுமையாகவும் இருக்கலாம்’ என்கிறோம். நமக்கு எல்லாம் ஒரே ‘லாம்’. ஆங்கிலத்தில் இது இரண்டாகப் பிரிகிறது.

நுவரெலியாவை எடுத்துக்கொள்ளுங்கள். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். ஜனவரி, பெப்ரவரி இரவுகளில் சில நாள் உறைபனி விழுந்து கொழுந்து கருகிப்போகும். எல்லா இரவும் அப்படி இல்லை, ஆனால் அந்த ஊருக்கு அந்தக் குணம் உண்டு. இப்படி ஓர் இடத்துக்கோ பொருளுக்கோ பொதுவாக உள்ள குணத்தைச் சொல்லத்தான் கேன். ‘இட் கேன் பி வெரி கோல்ட் இன் நுவரெலியா.’ இதில் இன்றைக்கு என்ன நடக்கும் என்ற பேச்சே கிடையாது. அதே ஊரில் நின்றுகொண்டு, இன்று ராத்திரி பனி விழுமோ என்னவோ என்று ஐயப்பட்டால் அது மே. ‘தெயர் மே பி ஃப்ரொஸ்ட் டுநைட்.’ உங்கள் வாக்கியத்தில் ‘திஸ் ஈவினிங்’ என்று இருக்கிறது பாருங்கள், அதுதான் துப்பு. குறிப்பிட்ட ஒரு மாலை, குறிப்பிட்ட ஒரு மழை. அதனால் கேன் நிற்காது.

இதே இடத்தில் மஸ்ட் போடுகிற பிள்ளைகளும் உண்டு. கருமேகம் கூடிவிட்டது, கட்டாயம் பெய்யும், ஆகவே மஸ்ட் என்று. அதுவும் வராது. மஸ்ட் நிச்சயத்தைக் காட்டும்தான், ஆனால் இப்போது இருக்கிற நிலையைச் சான்று வைத்து ஊகிக்கும்போதுதான் காட்டும். ஒரு லயன் வீட்டில் கதவு பூட்டியிருக்கிறது, செருப்புகளைக் காணோம், மணி பத்து. ‘தே மஸ்ட் பி அட் வேர்க்.’ மலைக்குக் கொழுந்து பறிக்கத்தான் போயிருப்பார்கள் என்று நாம் முடிவு கட்டுகிறோம். அடுத்த வரியில் ‘ஓர் அட் த டெம்பிள்’ என்று ஒரு வால் ஒட்டியிருந்தால், சொல்கிறவருக்கே நிச்சயம் இல்லை என்று பொருள். உடனே மே ஆகிவிடும். கீறுக்கு முன்னும் பின்னும் உள்ள வரியைப் படிக்காமல் இந்தக் கணக்கில் விடை எடுக்க ஏலாது.

இந்த ஊகத்துக்கு எதிர்ப்பக்கம் மஸ்ட் நாட் என்று நினைக்கத் தோன்றும். பரீட்சைத் தாளில் பெரும்பாலும் கான்ட் தான் விடை. ‘ஹி இஸ் இன் கொழும்பு. தட் மேன் கான்ட் பி ஹிம்.’ அவர் கொழும்பில் இருக்கிறார், அங்கே நிற்பவர் அவராக இருக்கவே முடியாது.

சரி, மஸ்ட் நாட் எங்கே வரும்? தடை இருக்கிற இடத்தில். இதில் அதிகம் பேர் விழுகிற குழி ஒன்று இருக்கிறது. ‘டுடே இஸ் போயா டே. ஸ்டூடன்ட்ஸ் டேஷ் நாட் கம் டு ஸ்கூல்.’ போயா என்றால் விடுமுறை, பிள்ளைகள் வரத் தேவையில்லை. நிறையப் பேர் யோசிக்காமல் மஸ்ட் போடுகிறார்கள். போட்டால் பொருள் என்ன ஆகிறது? வரவே கூடாது, வந்தால் குற்றம் என்று ஆகிவிடுகிறது! நீங்கள் சொல்ல வந்தது வர வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. பெட்டியில் நீட் இருந்தால் அதைப் போடுங்கள். கீறுக்குப் பின்னால் நாட் இல்லாமல் இருந்தால் டோன்ட் ஹேவ் டு வரும். மஸ்ட் என்றால் கட்டாயம், அதனால் மஸ்ட் நாட் என்றால் கட்டாயமில்லை என்று கணக்குப் போடாதீர்கள். ‘நாட்’ இங்கே கட்டாயத்தை நீக்குவதில்லை, செயலைத்தான் தடுக்கிறது.

மஸ்ட், ஷுட் இரண்டையும் பிரிப்பதற்கு நான் வகுப்பில் சொல்லிக்கொடுப்பது ஒரு சின்னச் சோதனை. வாக்கியத்தின் கடைசியில் ‘பட் இட்ஸ் அப் டு யூ’ என்று ஒட்டிப் பாருங்கள், அதாவது ‘ஆனால் உங்கள் விருப்பம்’. ‘யூ ஷுட் வெயர் எ ஸ்வெட்டர், பட் இட்ஸ் அப் டு யூ.’ அம்மா சொல்கிற புத்தி, கேட்டால் கேளுங்கள், கேட்காவிட்டால் குளிரில் நடுங்குங்கள். ‘யூ மஸ்ட் பிரிங் யுவர் ஐடென்டிட்டி கார்ட் டு த எக்ஸாம்.’ இதன் பின்னால் உங்கள் விருப்பம் என்று ஒட்டினால் சிரிப்புத்தான் வரும். அடையாள அட்டை கொண்டுபோவது விதி. ஷுட்டுக்கு எதிர்பார்ப்பு என்ற பொருளும் இருக்கிறது. ரயில் ஹட்டனை விட்டுப் போய் நேரமாகிவிட்டது, இந்நேரம் நானுஓயாவில் நிற்க வேண்டும் என்றால் ‘இட் ஷுட் பி அட் நானுஓயா பை நௌ’. பிந்தியும் இருக்கலாம், நம்ம ரயில்தானே.

இப்போது உங்கள் பெட்டிக்கு வருவோம். நான்கு சொல், நான்கு வாக்கியம், ஒவ்வொன்றையும் ஒரு தடவைதான் பாவிக்கலாம் என்று வையுங்கள். முதல் வாக்கியம் ‘லுக் அட் த க்ளவுட்ஸ். இட் டேஷ் ரெயின்.’ இரண்டாவது ‘யூ லுக் டயர்ட். யூ டேஷ் கோ டு பெட் ஏர்லி.’ மூன்றாவது ‘யூ டேஷ் நாட் டச் திஸ் வயர். இட் இஸ் லைவ்.’ நான்காவது ‘மை சிஸ்டர் டேஷ் ஸ்பீக் சிங்களா வெரி வெல்.’

ஒன்றிலிருந்து வரிசையாகப் போகாதீர்கள். எதில் ஒரே ஒரு சொல்தான் நிற்குமோ அதைப் பிடியுங்கள். நான்காவதில் ‘வெரி வெல்’ என்று திறமையைச் சொல்கிறது, கேன் தவிர வேறு வழியில்லை. கேன் பெட்டியை விட்டுப் போனதும் முதலாவதில் மழைக்கு மே தானாக வந்து உட்காரும். மிச்சம் மஸ்ட், ஷுட். களைத்துப் போனவருக்கு ‘யூ மஸ்ட் கோ டு பெட்’ என்பதும் சரியான ஆங்கிலம்தான், அதனால் இரண்டாவதைத் தனியாக வைத்து முடிவெடுக்க முடியாது. மூன்றாவதையும் சேர்த்துப் பாருங்கள். மின்சாரம் ஓடுகிற கம்பியைத் தொடுவது பற்றி ‘ஷுட் நாட்’ என்றால் மெதுவான புத்திமதி ஆகிவிடும். அங்கே மஸ்ட், படுக்கைக்கு ஷுட்.

அப்புறம் இரண்டு சின்ன விஷயம். கீறுக்குப் பின்னால் ‘டு’ இருந்தால் இந்த நான்கும் வராது, ஹேவ் அல்லது ஓட் தேடுங்கள். ‘யெஸ்டர்டே’ என்று கண்டால் கட்டாயத்துக்கு மஸ்ட் வேண்டாம், ஹேட் டு போடுங்கள்.

அனுமதி கேட்பதில் ‘கேன் ஐ கம் இன்’, ‘மே ஐ கம் இன்’ இரண்டும் சரி. மே கொஞ்சம் மரியாதை கூடியது, மிஸ் முன்னால் அதையே எழுதுங்கள். ஆனால் ஒருவரிடம் உதவி கேட்கும்போது ‘மே யூ ஹெல்ப் மீ’ என்று எழுதிவிடாதீர்கள், அது ஆங்கிலமே இல்லை. ‘கேன் யூ’ தான்.

அடுத்த தடவை வாக்கியம் அனுப்பும்போது அதற்கு முந்திய வரியையும் சேர்த்து அனுப்புங்கள், விடை பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது.