தாது வருஷம் எந்த வருஷம்?

வணக்கம். உங்கள் வீட்டுப் பழைய பத்திரத்திலோ ஜாதகத்திலோ ஆங்கிலத் தேதியே இல்லாமல் "விக்ருதி வருஷம் மாசி மாதம்" என்று மட்டும் இருக்கும். அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு.

பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள், பஞ்சாங்கத்தின் முன்பக்கங்களில் வரிசையாக இருக்கும். கணக்கு சின்னது. ஆங்கில ஆண்டிலிருந்து ஆறைக் கழியுங்கள், அறுபதால் வகுங்கள், மிச்சம் வருவதுதான் வரிசை எண். மறுபடி சொல்கிறேன்: ஆறைக் கழி, அறுபதால் வகு, மிச்சத்தைப் பார். மிச்சம் எதுவும் இல்லையென்றால் அட்சய.

எனக்கு ரொம்பப் பிடித்த உதாரணம் தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தையே உலுக்கிய அந்தப் பஞ்சம் தொடங்கியது 1876இல். ஆறு போனால் 1870, அதில் முப்பத்தொரு அறுபது, அதாவது 1860 போக மிச்சம் பத்து. பத்தாவது பெயர் தாது! பஞ்சம் அடுத்த ஈஸ்வர வருஷத்திலும் நீடித்தது, ஆனாலும் மழை பொய்த்த வருஷத்தின் பெயர்தான் ஜனங்களின் வாயில் நிலைத்துவிட்டது. கிராமங்களில் வயதானவர்கள் "தாது வருஷத்துக்கு முன்னாடி" என்று காலத்தைப் பிரித்துச் சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கும்.

சரி, இப்போது அந்த விக்ருதி மாசிக்கு வருவோம். இதில் பெயரிலிருந்து ஆண்டுக்குத் திரும்ப வேண்டும். பிரபவ வருஷம் 1867, 1927, 1987இல் பிறந்தது, இந்த மூன்றை மனதில் வைத்தால் போதும். விக்ருதி இருபத்து நான்காவது, அதனால் 1927உடன் இருபத்து மூன்றைக் கூட்டினால் 1950. ஆனால் இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், 1950 பிப்ரவரி என்று எழுதிவிடுகிறார்கள். வருஷம் பிறப்பது சித்திரையில், ஏப்ரல் நடுவில். மார்கழி பாதியிலேயே ஆங்கில ஆண்டு மாறிவிடும், தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆண்டில் விழும். ஆகவே அது 1951 பிப்ரவரி, மார்ச். கணக்கை நேர்வழியில் போடும்போதும் இதே கதைதான்: ஜனவரி முதல் ஏப்ரல் நடு வரை உள்ள தேதி என்றால் முந்தைய ஆண்டை எடுத்துக்கொண்டு ஆறைக் கழியுங்கள்.

1950ஆ, 1890ஆ என்று சந்தேகம் வந்தால்? பெயர் மட்டும் அதைச் சொல்லாது. பத்திரத்தில் தேதியோடு கிழமையும் நட்சத்திரமும் எழுதியிருப்பார்கள், அவற்றை இரண்டு வருஷத்துப் பஞ்சாங்கத்திலும் ஒத்துப்பாருங்கள், பெரும்பாலும் ஒன்றில்தான் பொருந்தும்.

நேரம் நெருங்குகிறது, வடநாட்டு வழக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே குருவின் நகர்வை ஒட்டிப் பெயர் வைப்பதால், ஏறத்தாழ எண்பத்தைந்து வருஷத்துக்கு ஒருமுறை ஒரு பெயரைத் தாண்டிவிடுவார்கள். தெற்கே தாண்டுவதில்லை. அதனால் காசியில் அச்சான பஞ்சாங்கத்துக்கு இந்த ஆறு கழிக்கும் கணக்கு உதவாது. வணக்கம்.