முதல் அத்தியாயத்தில் மோல்மேன் எதற்கு?

தலைப்பு: நாவலில் பாத்திரங்களின் பழங்கதையைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவதா, போகிற போக்கில் சொல்வதா? எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் கேட்டது: “ஆள் யாருன்னே தெரியாம அவன் அழுதா, படிக்கிறவன் எதுக்குங்க அழணும்?”

நடுவர் அவர்களே, காரைக்குடிப் பெரியோர்களே, வணக்கம். முதல் பக்கத்தில் யாரும் அழ வேண்டாம் அண்ணே. ‘இவன் ஏன் அழறான்?’னு ஒரு கேள்வி வந்தால் போதும். கேள்வி வந்த பிறகு சொன்ன பதில்தான் மனசில் நிற்கும். அண்ணன் சொன்னதில் பாதி சரி. ஆளைத் தெரியத்தான் வேண்டும். ஆனால் இப்போ கண் முன்னால் அவன் என்ன செய்கிறான் என்பதில்தான் ஆள் தெரியுமே தவிர, அவன் தாத்தா எந்தக் கப்பலில் ஏறினார் என்பதில் தெரியாது.

இந்த ஊர்த் தம்பி ஒருத்தர் நாவல் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தார். முதல் அத்தியாயம், பழைய வீட்டுக்குச் சாமான் வாங்க வியாபாரி வருகிறார். பங்காளிகள் கூடி நிற்கிறார்கள். நல்ல இடம். வியாபாரி முகப்பில் கால் வைத்ததும் கதை நின்றுவிட்டது. பேரனின் ஐயா, அதாவது தாத்தா, பர்மாவிலுள்ள மோல்மேனுக்கு வட்டிக்கடைப் பெட்டியடிப் பையனாகப் போனது, அடுத்தாள் ஆனது, மேலாள் ஆனது, தேக்கு வாங்கி அனுப்பி வீடு கட்டியது, 1942இல் ஜப்பான்காரன் வந்ததும் நடந்தே திரும்பியது, 1963இல் அங்கே வங்கிகளை அரசு எடுத்துக்கொண்டது. நாலு பக்கம். அத்தனையும் நடந்த சரித்திரம், ஒரு வரி தப்பில்லை. நாலு பக்கம் முடிந்து திரும்பி வந்தால் வியாபாரி இன்னும் வாசப்படியில் நிற்கிறார், பாவம்.

ஒரு பென்சிலை எடுத்து, இறந்தகாலத்துக்கும் முந்திய காலத்தைச் சொல்கிற வரிகளின் கீழே மட்டும் கோடு போடச் சொன்னேன். நாலு பக்கமும் கோடாகிவிட்டது. அடுத்து ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரே கேள்வி: இந்த நிமிஷம் இந்த முகப்பில் நிற்கிறவர்களில் இது யாருக்கு வேணும்? எதையாவது வாங்க, மறைக்க, மறுக்க, ஒருத்தரைக் குத்திக்காட்ட யாருக்கு வேணும்? யாருக்கும் வேண்டாத வரியை அடிக்கக்கூடாது. தனி நோட்டில் எழுதி வைக்கணும், பின்னால் கூப்பிடும்.

தம்பி திருத்தி எழுதினது இப்படி. வியாபாரி வளவுத் தூணைச் சாவியால் லேசாகச் சுரண்டுகிறார். “பர்மா தேக்கா, நம்ம பக்கத்து மரமா ஆச்சி?” விலை குறைக்கிற கேள்வி. பேரன் முந்திக்கொள்கிறான்: “ஐயா மோல்மேன்லேருந்து அனுப்பினதுங்க.” சின்னப் பங்காளி சிரிக்கிறார்: “அனுப்பினாரு, சரி. திரும்பி வரும்போது கையில என்ன இருந்துச்சுன்னு கேளு.” அப்பத்தா பேசவில்லை. இரண்டாங்கட்டில் இருக்கிற பெட்டகத்தை மட்டும் திறக்க மாட்டேன் என்கிறார். “உள்ள என்ன ஆச்சி?” “கணக்கு.” “யாரு கணக்கு?” “விக்கிறதுக்கு இல்ல.”

கவனியுங்கள். நாலு பக்கத்திலிருந்து உள்ளே வந்தது, ஐயா மோல்மேனிலிருந்து தேக்கு அனுப்பினார், வெறுங்கையோடு வந்தார் என்று ஒருத்தர் சொல்கிறார், அவ்வளவுதான். அதுவும் நிஜமா பொய்யா தெரியாது. பேரன் விலை ஏற்றுவதற்காகச் சொல்கிறான். பங்காளி தன் பங்குக்கு வாய் திறக்கிறார். அப்பத்தா மறைக்கிறார். பழசு இங்கே பேரத்தில் ஒரு காசு. 1963 இந்த அத்தியாயத்தில் ஒருத்தருக்கும் தேவைப்படவில்லை, நோட்டுக்குப் போய்விட்டது.

சிலர் தந்திரம் பண்ணுவார்கள். நாலு பக்கத்துக்கும் மேற்கோள் குறி போட்டு, “உனக்குத்தான் தெரியுமே அண்ணே, நம்ம ஐயா மோல்மேன் போயி...” என்று பேச்சாக்கிவிடுவார்கள். அண்ணனுக்குத் தெரிந்ததைத் தம்பி ஏன் அண்ணனிடம் சொல்கிறான்? வாசகருக்காக. அது வாசகர் காதில் உடனே விழுந்துவிடும்.

முன்வரிசையில் ஒரு பெரியவர் இடைவேளையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “பழசை எழுதாதேன்னா, எங்க அப்பச்சி கடல் கடந்து கொண்டுவிக்கப் போன இடத்துல பட்டதையெல்லாம் யாரு சொல்றது?” ஐயா, எழுதக்கூடாது என்று எங்கள் அணியில் யாரும் சொல்லவில்லை. அந்தத் தம்பி நாவலில் ஒன்பதாவது அத்தியாயம் முழுக்க 1942தான். அப்பத்தா பெட்டகத்தைத் திறக்கிற இடம். எட்டு அத்தியாயம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டிருந்த வாசகர், முப்பது பக்கம் நடந்து வரச் சொன்னாலும் கூடவே வருவார்.

அங்கேயும் தமிழுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. போயிருந்தார், பார்த்திருந்தார், சேர்த்திருந்தார் என்று பக்கம் பூரா ‘இருந்தார்’ வரிசை கட்டும். முதல் ஒன்றிரண்டு வாக்கியத்துக்கு அது போதும். ‘அந்த வருஷம் ஐயா மோல்மேனில் இருந்தார்’ என்று இடத்தை மாற்றிவிட்டால், அப்புறம் போனார், பார்த்தார் என்று சாதாரணமாகவே நடக்கலாம். திரும்பி வரும்போது இன்றைக்குள்ள ஒரு சத்தம் வேணும். வியாபாரி வாசலில் வண்டியைக் கிளப்புகிறார், அப்பத்தா நிமிர்கிறார். வந்துவிட்டோம்.

எதிரணிப் பேராசிரியர் கேட்டது கனமான கேள்வி. சிலப்பதிகாரப் பதிகம் முழுக்கதையையும் முதலிலேயே சொல்லிவிடுகிறதே என்றார். உண்மைதான். ஆனால் பதிகம் சொல்வது இனி நடக்கப்போவதை. கோவலனுடைய பழசு எங்கே வருகிறது? யானையிடமிருந்து முதிய மறையவரைக் காப்பாற்றியது, கீரியைக் கொன்ற பெண்ணின் குடும்பத்தைச் சேர்த்துவைத்தது, பூதத்திடம் தன் உயிரைக் கொடுக்க முன்வந்தது எல்லாம் 15ஆவதான அடைக்கலக் காதையில். அடுத்த காதை கொலைக்களக் காதை! அதுவரை மாதவி வீட்டில் பொருளைத் தொலைத்தவனாகவே அவனைப் பார்த்துவிட்டு, இப்படியும் ஒரு மனுஷனா என்று நினைக்கிற நேரத்தில் வெட்டு விழுகிறது. முதல் காதையிலேயே இதைச் சொல்லியிருந்தால், மாதவியிடம் அவன் போகிறபோதே நாம் மன்னித்திருப்போம்.

இன்னொன்று. மாடலன் என்கிற மறையவன் அந்தக் கதைகளைச் சொல்வது கோவலனிடமே! தெரிந்ததைத் தெரிந்தவரிடம் சொல்லலாமா என்று என்னை மடக்கலாம். மாடலனுக்கு அது வேணும். இந்தப் பிறவியில் எனக்குத் தெரிந்து நீ செய்ததெல்லாம் நல்வினை, பிறகு ஏன் இப்படித் தனியாக உழன்று வந்தாய், முற்பிறப்பின் பயனா என்று கேட்பதற்கான சாட்சிகள் அவை. அந்தக் கேள்விக்குப் பதிலும் உடனே வரவில்லை. 23ஆவதான கட்டுரை காதையில், எல்லாம் முடிந்த பிறகு, மதுராபதி தெய்வம் வந்து, முற்பிறப்பில் கோவலனால் உயிரிழந்த சங்கமன் கதையைச் சொல்கிறது.

பேராசிரியரின் இரண்டாவது கேள்விதான் என்னை இடிக்கிறது. பெட்டியடிப் பையன் என்றால் என்னவென்றே கோயம்புத்தூர் வாசகருக்குத் தெரியாதே, அதையாவது முன்னால் சொல்ல வேண்டாமா என்றார். எங்கள் அணித் தங்கை மூன்றாவது அத்தியாயம் வரை மூச்சே விடக்கூடாது என்கிறார். நான் அவ்வளவு கறார் இல்லை. ஒரு வரியில், அந்தப் பையன் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து காசு எண்ணுவதைக் காட்டிவிட்டுப் போகலாம் என்பேன். எல்லாச் சொல்லுக்கும் அது நடக்குமா? கல்யாணமான தம்பதியை ஒன்றாக எண்ணுகிற ‘புள்ளி’ கணக்கை ஒரு வரியில் எப்படிக் காட்டுவது? எங்கள் அணியில் அடுத்துப் பேசுகிறவருக்கு அதை விட்டுவிட்டு உட்காருகிறேன், நடுவர் மணியைத் தொட்டுவிட்டார்.