முதலில் காலியாகும் ஸ்பிரிங்

நேயர்களுக்கு வணக்கம். தொழிற்சாலை, கல்லூரி, ஆஸ்பத்திரி என்று பல இடங்களில் இப்போது வெண்டிங் மிஷின் வைத்திருக்கிறார்கள். போனில் ஸ்கேன் செய்து பணம் கட்டி எண்ணை அழுத்தினால், உள்ளே ஒரு ஸ்பிரிங் சுற்றும். முன்னால் நிற்கிற பொருள் கீழே விழும். கிருஷ்ணகிரி, ஓசூர், தருமபுரி பக்கம் அந்த மிஷின்களுக்குச் சரக்கு ஏற்றுகிற வண்டியை நடத்துவது என் தொழில். இதில் இறங்க நினைக்கிற இளைஞர்கள் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விதான்: ஒரு மிஷினுக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை போகணும், போனால் எவ்வளவு நிரப்பணும்?

இதற்குப் பெரும்பாலும் கிடைக்கிற பதில், மொத்த விற்பனையை வைத்துச் சொல்வது. மிஷினில் 250 பொருள் பிடிக்கும், தினம் 25 விற்கிறது, ஆகவே பத்து நாளைக்கு ஒருமுறை போதும் என்பார்கள். கணக்காகப் பார்த்தால் சரி. அந்தக் கணக்கை நம்பிப் பத்தாம் நாள் கதவைத் திறந்தால், பிஸ்கட் வரிசை நிறைந்து நிற்கும், தண்ணீர் வரிசை என்றைக்கோ காலியாகியிருக்கும். மிஷின் முழுக்க ஒன்றாகக் காலியாவதில்லை. ஒவ்வொரு ஸ்பிரிங்கும் தன் வேகத்தில் காலியாகிறது. நாம் எப்போது போகணும் என்பதை முடிவு செய்வது, அதில் முதலில் காலியாகிற ஸ்பிரிங்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலை, ஞாயிறு விடுமுறை என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே உள்ள மிஷினில் அடித்தட்டு மட்டும் பாட்டிலுக்கு. பாட்டில் கனமானது, உயரத்திலிருந்து விழுந்தால் நசுங்கும், அதனால் கீழே வைப்பது வழக்கம். அந்தத் தட்டில் ஆறு ஸ்பிரிங், ஒவ்வொன்றிலும் 8 பாட்டில். இரண்டு ஸ்பிரிங் தண்ணீருக்கு. மாம்பழம், கோலா, ஆரஞ்சு, எலுமிச்சை நான்குக்கும் ஆளுக்கு ஒன்று. கடைக்காரர் அலமாரி அடுக்குகிற மாதிரி, எல்லா வகையும் கண்ணில் படட்டும் என்று அடுக்கியது.

விற்பனையைப் பாருங்கள். தண்ணீர் தினம் 8 போகிறது. மாம்பழம் 2, கோலா 1. ஆரஞ்சும் எலுமிச்சையும் இரண்டு நாளைக்கு ஒன்று. தண்ணீர் மொத்தமே 16 பாட்டில்தான் இருக்கிறது, ஆக இரண்டு நாள் சரக்கு. இரண்டு நாள் சரக்கு என்றால் இரண்டு நாளைக்கு ஒருமுறை போனால் போதுமா என்றால், போதாது. தினம் 8 என்பது சராசரி. ஒரு நாள் 5 போகும், ஒரு நாள் 11 போகும். சராசரிக்குச் சரியாகச் சரக்கு வைத்தால் ஏறக்குறைய பாதித் தடவை நாம் போவதற்குள் தீர்ந்திருக்கும். ஆகவே தீராமல் இருக்கணும் என்றால் இந்த மிஷினுக்குத் தினமும் போகணும். வாரம் ஆறு தடவை, எட்டு பாட்டில் தண்ணீருக்காக.

சாதாரணமாக இந்த இடத்தில் முதலாளி, மிஷின் போதவில்லை, இன்னொன்று வைக்கலாம் என்பார். நான் அடித்தட்டை மாற்றி அடுக்கச் சொல்வேன். ஆரஞ்சையும் எலுமிச்சையையும் எடுத்துவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே தினம் ஒரு பாட்டில்தான். அந்த இரண்டு ஸ்பிரிங்கையும் தண்ணீருக்குக் கொடுங்கள். இப்போது தண்ணீர் நான்கு ஸ்பிரிங், 32 பாட்டில். மூன்று நாள் விற்பனை சராசரியாக 24. எவ்வளவு ஏறி இறங்கும் என்று மதிப்பிட ஒரு எளிய வழி உண்டு. 24க்கு வர்க்கமூலம் எடுங்கள், கிட்டத்தட்ட 5. மூன்று நாள் விற்பனை பெரும்பாலும் 19க்கும் 29க்கும் நடுவில் இருக்கும். 32 வைத்திருந்தால் இருபது தடவையில் பத்தொன்பது தடவை தட்டுப்பாடு வராது. ஆட்கள் தனித்தனியாக வந்து வாங்குகிற இடத்துக்கு மட்டும் இந்தக் கணக்கு பொருந்தும். பயிற்சிக்கு வந்த நாற்பது பேர் ஒரே இடைவேளையில் மிஷின் முன் வரிசை கட்டினால் வர்க்கமூலம் நம்மைக் காப்பாற்றாது.

திங்கட்கிழமை காலை நிரப்பினால் திங்கள், செவ்வாய், புதன் ஓடும். வியாழன் காலை நிரப்பினால் வியாழன், வெள்ளி, சனி ஓடும். ஞாயிறு விடுமுறை. ஆக, வாரம் ஆறு தடவை போன இடத்துக்கு இனி இரண்டு தடவை போதும். மாம்பழம் ஒரு ஸ்பிரிங்கில் 8 தான், மூன்று நாளில் சில வாரம் தீர்ந்துபோகும். அது தீரட்டும் என்று விடலாம் என்பது என் கருத்து. மாம்பழம் இல்லையென்றால் கோலா எடுப்பார்கள். தாகத்தோடு வந்தவருக்குத் தண்ணீர் இல்லையென்றால் அவர் அடுத்த முறை மிஷின் பக்கமே வரமாட்டார்.

இன்னொரு விஷயம், மேல்தட்டில் கடலை மிட்டாய் ஸ்பிரிங் மெதுவாகப் போகிறதே, அதைத் தண்ணீருக்குத் தரலாமே என்று தோன்றும். முடியாது. மிட்டாய் ஸ்பிரிங்கின் சுற்றுகள் நெருக்கமானவை, பாட்டிலுக்கு அகலமான சுற்று வேண்டும், தட்டின் உயரமும் வேண்டும். மாற்றி அடுக்குவது ஒரே மாதிரி ஸ்பிரிங்குகளுக்குள்ளேதான் சுலபம்.

இதுவரை போட்ட கணக்கெல்லாம் ஒரே ஒரு எண்ணை நம்பி நிற்கிறது: தண்ணீர் தினம் 8. அந்த எண் சரியா? பல மிஷின்களில் சிம் கார்டு இருக்கிறது, எந்த ஸ்பிரிங் எத்தனை தடவை சுற்றியது என்று ஆபீசுக்கு அனுப்பிவிடும். மாற்றி அடுக்குவதற்கு முன் திங்கள் காலை நிரப்பி மூன்று நாள் விட்டிருந்தால், அந்த அறிக்கையில் மூன்று நாளில் தண்ணீர் 16 விற்றது என்று வரும். மூன்றால் வகுத்தால் தினம் 5 சொச்சம். அப்படியானால் 16 பாட்டிலே மூன்று நாளைக்குக் கட்டும் என்று தோன்றும். ஆனால் மிஷினில் இருந்ததே 16 பாட்டில், அதற்கு மேல் விற்க முடியாது. விற்ற நேரத்தைப் பாருங்கள். பதினாறாவது பாட்டில் செவ்வாய் சாயங்காலம் போயிருக்கும். புதன்கிழமை முழுக்கப் பூஜ்யம். அந்தப் பூஜ்யம் யாரும் கேட்கவில்லை என்பதல்ல, கேட்டவருக்குக் கொடுக்கச் சரக்கு இல்லை என்பது. சரக்கு இருந்த இரண்டு நாளால் வகுத்தால்தான் 8 கிடைக்கும். கடைசியாக விற்ற நேரத்தைப் பார்க்காமல் சராசரி எடுப்பவர், நன்றாக ஓடுகிற பொருளுக்கே தொடர்ந்து குறைவாக ஏற்றிக்கொண்டிருப்பார். அதுவும் அறிக்கையில் சரியாகவே தெரியும், ஏனென்றால் ஏற்றியதெல்லாம் விற்றுவிடும்.

புதன்கிழமை மாம்பழம் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் போயிருக்கும். அதைப் பார்த்து மாம்பழத்துக்கு இன்னொரு ஸ்பிரிங் கொடுத்துவிடாதீர்கள். அது தண்ணீர் கிடைக்காதவர் வாங்கியது.

பூஜ்யத்தில் இன்னொரு வகையும் உண்டு. தினம் ஏழெட்டு பாக்கெட் போன சிப்ஸ் திடீரென்று நின்றுவிடும், ஆனால் கணக்குப்படி உள்ளே சரக்கு இருக்கிறது. அது பெரும்பாலும் பாக்கெட் ஸ்பிரிங்கில் சிக்கியிருப்பது, இல்லையென்றால் மோட்டார் கோளாறு. காற்று நிறைந்த பாக்கெட்டை ஒரு சுற்றுக்குள் திணித்து வைத்தால் இப்படி ஆகும். சரக்கு இல்லாத பூஜ்யத்துக்கு வண்டியில் லோடு வேண்டும், சரக்கு இருந்தும் வந்த பூஜ்யத்துக்கு ஸ்குரூடிரைவர் வேண்டும். கிளம்புவதற்கு முன்பே எது எது என்று பிரித்துவிட்டால் ஒரு நடை மிச்சம்.

நிரப்பும் அளவுக்கு வருவோம். வேகமாக ஓடுகிற ஸ்பிரிங்கை விளிம்பு வரை நிரப்புங்கள், அதில் யோசிக்க எதுவுமில்லை. யோசிக்க வேண்டியது மெதுவாகப் போகிறதில். கடலை மிட்டாய் ஸ்பிரிங்கில் 20 பிடிக்கும். இரண்டு நாளைக்கு ஒன்று போகிறது என்றால் நிறைத்து வைத்தால் கடைசித் துண்டு வெளியே வர 40 நாள். எண்ணெய்ச் சிக்கு அடித்த மிட்டாயை வாங்கினவர் அடுத்ததாகத் தண்ணீரையும் சந்தேகப்படுவார். இதற்கு 7 அல்லது 8 போதும். முன்னாலிருந்து வரிசையாக வைத்து, பின்பக்கத்தைக் காலியாக விடுங்கள். பார்வைக்கு நிறைந்தே தெரியும், பின்னால் காலியாக இருப்பது வாங்குபவர் கண்ணில் படாது. புதிய சரக்கை எப்போதும் பழையதற்குப் பின்னால்தான் வைக்கணும். அவசரத்தில் பையன்கள் முன்னால் சொருகிவிட்டால், பழையது பின்னாலேயே கிடந்து தேதி தாண்டும். குளிரூட்டாத மிஷினில் சாக்லேட் என்றால் மார்ச் கடைசியிலேயே எடுத்துவிடுவது நல்லது. 35 டிகிரியை நெருங்கினால் உருகும், உருகினது ஸ்பிரிங்கோடு ஒட்டும், ஒட்டினால் அந்த வரிசையே நின்றுபோகும்.

இனி வண்டிக் கணக்கு. தண்ணீர் ஒரு நாள் முழுக்க இல்லாவிட்டால் 8 பாட்டில் விற்பனை போகிறது. பாட்டிலுக்கு நான்கு ரூபாய் மிஞ்சுகிறது என்றால் 32 ரூபாய் நஷ்டம். பாட்டிலில் அச்சடித்த விலைக்கு மேல் வாங்க முடியாது, அதனால் அந்த நாலு ரூபாயைக் கூட்டவும் வழியில்லை. இந்த 32 ரூபாய்க்காகக் கிருஷ்ணகிரியிலிருந்து 50 கிலோமீட்டர் ஓசூருக்குத் தனியாக வண்டி எடுத்தால் டீசலுக்கே கட்டாது. ஆனால் அதே நாள் வேறு மிஷின்களுக்காக வண்டி சிப்காட்டுக்குள் போகிறது என்றால், இங்கே நிற்கிற கால் மணி நேரம்தான் செலவு. அப்போது ஒரு நாள் முன்னதாகவே நிரப்பிவிட்டு வருவது லாபம். ஆக, பக்கத்தில் நாலு மிஷின் இருந்தால் அவற்றை ஒரே நாளில் சேர்த்துப் பாருங்கள். ஒகேனக்கல் மாதிரி ஒரு ஓரத்தில் ஒற்றை மிஷின் நின்றால், அதை அடிக்கடி போய்ப் பார்ப்பது கட்டாது. அங்கே வகைகளைக் குறைத்து, ஓடுகிற பொருளுக்கே ஸ்பிரிங்குகளைக் கொடுத்து, நாட்களை நீட்டணும். விடுமுறைக் கூட்டத்துக்கு முந்தின நாள் மட்டும் தனி நடை போடலாம்.

கல்லூரி மிஷின்களுக்கு ஒன்று சொல்கிறேன். மே மாத விடுமுறைக்குப் பிறகு கல்லூரி திறக்கும்போது, போன மாதச் சராசரியை வைத்து லோடு கட்டாதீர்கள். அது ஆளில்லாத கட்டடத்தின் கணக்கு. விடுமுறைக்கு முந்தைய, வகுப்பு நடந்த வாரங்களின் கணக்கை எடுத்து லோடு கட்டிவிட்டு, திறந்த முதல் வாரம் மட்டும் நாள் இடைவெளியைக் குறைத்துப் போங்கள். புது மாணவர்கள் என்ன வாங்குகிறார்கள் என்று அந்த வாரத்தில் தெரிந்துவிடும்.

சிம் கார்டு இல்லாத மிஷின் வைத்திருப்பவர்களும் இதையெல்லாம் செய்யலாம். கதவைத் திறந்ததும் நிரப்பத் தொடங்காமல், ஸ்பிரிங் வாரியாக மிச்சத்தை எண்ணி நோட்டில் எழுதுங்கள். போன தடவை வைத்ததிலிருந்து இன்றைய மிச்சத்தைக் கழித்தால் விற்பனை. மிச்சம் பூஜ்யமாக இருக்கிற வரிசைக்கு மட்டும் பக்கத்தில் ஒரு கோடு போடுங்கள். அந்த வரிசையின் விற்பனையைச் சராசரியில் சேர்க்க வேண்டாம். அடுத்த தடவை ஒரு நாள் முன்னதாகப் போய், மிச்சம் இருக்கும்போதே எண்ணிப் பாருங்கள். நன்றி, வணக்கம்.